கலவை ஏறுவதற்கு முன் 5 நிமிடம்

வீட்டுக்குத் தளம் போடும் நாளன்று காலையில் வந்து இறங்குகிற ஆட்களில் பெரும்பாலோர் அந்தக் கட்டடத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். சென்ட்ரிங் அடித்தவர்கள் வேறு கோஷ்டி. கம்பி கட்டியவர்கள் வேறு கோஷ்டி. கான்கிரீட் போட வருகிறவர்கள் கலவை மிஷினோடு, லிஃப்டோடு, பாண்டுகளோடு தனியாக வருகிறார்கள். மாலைக்குள் வேலையை முடித்துவிட்டு மறுநாள் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். எந்த மூலையில் முட்டு மணல் நிரப்பிய தரையில் நிற்கிறது, எந்த இடத்தில் மாடிப்படிக்காகத் திறப்பு விட்டிருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. காலையில் நடக்கும் பாதுகாப்புப் பேச்சின் முதல் வேலை, இந்த விவரங்களை அவர்களிடம் ஒப்படைப்பதுதான்.

பெரிய கம்பெனிகளின் சைட்டுகளில் இதை ‘டூல்பாக்ஸ் டாக்’ என்று தினமும் நடத்துகிறார்கள். தனி வீடு கட்டும் இடங்களில் அப்படி ஒரு பழக்கம் இல்லை. ஆனால் பூஜை உண்டு. மிஷினுக்குப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டும்போது கொத்தனார், சித்தாள், மிஷின் ஓட்டுபவர், வீட்டுக்காரர் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்பார்கள். மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டால் சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. ஆகவே சூடம் அணைந்த கையோடு மேஸ்திரியோ இன்ஜினியரோ பேசிவிட வேண்டும்.

என்ன பேசுவது? ‘எல்லோரும் ஜாக்கிரதையாக வேலை செய்யுங்கள்’ என்றால் அதில் ஒன்றுமே இல்லை. அன்றைக்கு, அந்தத் தளத்தில் எது ஆளைக் கொல்லும் என்று சொல்ல வேண்டும். என் கணிப்பில் அதில் முதலிடம் எடைக்குத்தான்.

1,000 சதுர அடி வீடு, 5 அங்குலத் தளம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன அடி ஈரக் கான்கிரீட் ஏறத்தாழ 68 கிலோ. 5 அங்குலக் கனத்தில் ஒரு சதுர அடிக்குச் சுமார் 28 கிலோ வரும். மொத்தத் தளமும் 28 டன், உத்தரங்கள் தனி. அது இறுகித் தன் பலத்தில் நிற்கும் வரை இந்த எடை முழுவதையும் சவுக்குக் கம்புகளும் இரும்பு ஜாக்கிகளும்தான் தாங்குகின்றன. 3 அடிக்கு ஒரு முட்டு என்றால் ஒவ்வொன்றின் தலையிலும் 9 சதுர அடி, அதாவது சுமார் 250 கிலோ. நல்ல முட்டு இதைத் தாங்கும்.

சிக்கல் குவியலில் வருகிறது. லிஃப்ட் கொட்டும் இடத்தில் கலவை சேர்ந்துகொண்டே போகும். பரப்புகிறவர் கை ஓய்ந்தால் அது மேடாகிவிடும். அதே 9 சதுர அடியில் சராசரியாக ஓர் அடி உயரத்துக்குக் கலவை நின்றால், முட்டின் மேல் 600 கிலோவுக்கு மேல் ஏறிவிடுகிறது. பக்கத்திலேயே நாலு பேர் நின்று, வைப்ரேட்டரும் அதிர்ந்தால் இன்னும் கூடும். ரெடிமிக்ஸ் பம்ப் என்றால் நிலைமை இன்னும் வேகம். 6 கன மீட்டர் வண்டி ஒன்று ஏறத்தாழ 14 டன் கலவை கொண்டுவருகிறது. குழாயை ஒரே இடத்தில் பிடித்தபடி நின்றால் குவியல் கண்ணெதிரே எழும்பும். ஒரு முட்டு நழுவினால் அதன் சுமை பக்கத்து முட்டுகளுக்குப் போகிறது; அவையும் வரிசையாகச் சரியும்.

ஆகவே மேஸ்திரி சொல்ல வேண்டியது இதுதான்: “கொட்டுற இடத்துல முழங்கால் உயரத்துக்குக் கலவை நிக்கக்கூடாது. குவிஞ்சா லிஃப்ட்டை நிறுத்து, பரப்பி முடிச்ச பிறகு அடுத்தது கேளு. சமையல்கட்டு மூலை மண்ணு போட்டு நிரப்பினது, அங்க ஒரே இடத்துல கொட்டாதீங்க. கியூரிங் டிரம்மு தண்ணி அந்தப் பக்கம் ஓடவும் விடாதீங்க.”

அந்தத் தண்ணீர் விஷயம் அற்பமாகத் தோன்றும். நிரப்பிய மண் நனைந்தால் முட்டின் அடி இறங்கும். அடியில் பலகை போடாமல், உயரம் போதவில்லை என்று 2, 3 செங்கல்லை அடுக்கி முட்டை நிறுத்தியிருந்தால் ஆபத்து இரட்டிப்பு. இதையெல்லாம் முந்தின நாளே பார்த்துச் சரிசெய்திருக்க வேண்டும்; ஆப்புகளுக்கு ஆணி அடித்திருக்கிறதா என்பதையும்தான். காலைப் பேச்சு அந்தச் சோதனைக்கு ஈடாகாது.

அடுத்து, கீழே ஒரு கண். கான்கிரீட் போடும் நேரம் முழுக்க முட்டுகளைக் கவனிக்க அனுபவமுள்ள சென்ட்ரிங் ஆள் ஒருவர் வேண்டும். அவர் தளத்துக்கு அடியில் நிற்கக்கூடாது. வாசலிலோ ஜன்னல் ஓரத்திலோ வெளியில் நின்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். முன்கூட்டியே ஷீட்டின் அடியிலிருந்து ஒரு நூலில் சிறு எடையைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் நுனி தரையில் வைத்த செங்கல்லுக்கு விரல்கடை மேலே நிற்கும்படி செய்யலாம். நுனி செங்கல்லைத் தொட்டால் தளம் இறங்குகிறது என்று அர்த்தம். ஆப்பு தளர்வது, கம்பு வில்லாக வளைவது, ‘படக்’கென்று மரம் முறியும் சத்தம், திடீரென்று ஓரிடத்தில் சாந்துப்பால் கொட்டுவது ஆகியவையும் அதே செய்தியைத்தான் சொல்கின்றன.

இந்த இடத்தில்தான் ஆட்கள் உயிரை விடுகிறார்கள். சத்தம் கேட்டதும் “ஒரு முட்டு குடுத்துட்டா சரியாயிடும்” என்று சுத்தியலோடு ஒருவர் உள்ளே ஓடுவார். மேலே கலவை கொட்டிக்கொண்டே இருக்கும். முறை இதற்கு நேர்மாறு: விசில் ஊத வேண்டும், கொட்டுவது நிற்க வேண்டும், மேலே இருப்பவர்கள் அந்தப் பகுதியை விட்டு விலகி இறங்க வேண்டும். அதன் பிறகே என்ன செய்வது என்று இன்ஜினியர் முடிவெடுப்பார். இப்போது கோஷ்டிகளில் பீகார், ஒடிசா ஆட்களும் கலந்திருப்பதால், சொல்லை விட விசில் நல்லது. மூன்று நீண்ட ஊதல் என்றால் நிறுத்து. அதைப் பேச்சின்போதே ஊதிக் காட்ட வேண்டும். பிறகு ஒரு சித்தாளைப் பார்த்து, “அக்கா, இந்தச் சத்தம் கேட்டா நீங்க என்ன செய்வீங்க?” என்று கேட்க வேண்டும். அவர் வாயால் பதில் வந்தால்தான் சொன்னது போய்ச் சேர்ந்திருக்கிறது.

மற்றவை சுருக்கமாகப் போதும். லிஃப்ட் தொட்டிக்கு அடியில் யாரும் நிற்கவோ நடக்கவோ கூடாது. சேலை முந்தானை, துண்டு எதுவும் மிஷின் சக்கரத்தில் சிக்காமல் செருகியிருக்க வேண்டும். மின்சார வைப்ரேட்டர் என்றால் ஒட்டுப் போட்ட ஒயர் ஈரக் கலவையில் கிடக்கக்கூடாது. ஈர சிமென்ட் கடும் காரம். ரப்பர் பூட்ஸுக்குள் கலவை போய்விட்டால் உடனே கழற்றிக் கழுவ வேண்டும். முதலில் எரியாது என்பதால் பலர் மாலை வரை விட்டுவிடுகிறார்கள், அதற்குள் தோல் வெந்திருக்கும். கண்ணில் தெறித்தால் 15 நிமிடமாவது சுத்தமான தண்ணீரை ஓடவிட்டுக் கழுவி, நேராக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். அந்தத் தண்ணீர்க் குடம் எங்கே இருக்கிறது என்று கை நீட்டிக் காட்டிவிடுவது நல்லது.

கீழே நிற்கும் ஆள் சாப்பிடப் போகும்போது அந்த இடத்தில் யார் நிற்பது என்பதும் காலையிலேயே முடிவாக வேண்டும். கடைசிப் பாண்டு கொட்டியதும் அவரை அனுப்பிவிடக்கூடாது. முழு 28 டன்னும் முட்டுகளின் மேல் உட்காருவது அப்போதுதான். மேலே மட்டம் தட்டி முடித்து ஆட்கள் இறங்கிய பிறகும், கலவை இறுகத் தொடங்கும் சில மணி நேரத்துக்கு அவர் இருந்து பார்க்க வேண்டும். அதற்கான கூலியையும் பேசிவைத்துவிட வேண்டும். கீழ்த்தளத்தில் வழக்கமாகப் படுக்கும் வாட்ச்மேனும் குழந்தைகளும் அன்று ராத்திரி வேறு இடத்தில் படுக்கட்டும்.