எட்டாம் மாதத்துத் தூக்கம்

வாந்தி, புளிப்பு ஆசை, கால் வீக்கம், முதுகுவலி என்று கர்ப்பிணியின் உடம்பில் வரும் தொந்தரவுகள் எல்லாவற்றுக்கும் நம் வீடுகளில் ஒரு பதில் இருக்கும். அவள் விடியற்காலையில் அலறி எழுந்து, “குழந்தையைப் பஸ்ஸிலேயே விட்டுட்டு இறங்கிட்ட மாதிரி கனவு வந்துச்சு அத்தை” என்று சொன்னால் மட்டும் வீடு கலங்கிப்போகிறது. வெளியே சொல்லாதே என்கிறார் ஒருவர். கோயிலுக்குப் போய் வரச் சொல்கிறார் இன்னொருவர். கனவில் பாம்பு வந்ததா, பழம் வந்ததா என்று கேட்டு ஆணா பெண்ணா என்று கணக்குப் போடுபவர்களும் உண்டு. அவளோ, பிள்ளைக்கு ஏதோ ஆகப்போகிறது என்ற பயத்தை யாரிடமும் சொல்லாமல் பகல் முழுக்கச் சுமக்கிறாள்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லை. கனவு அப்படி வருவதற்கு உடம்பில் தெளிவான காரணம் இருக்கிறது. மறதிக்கும் திடீர் அழுகைக்கும் பாதிக்காரணம் அதே இடத்தில்தான் இருக்கிறது: துண்டு துண்டாகிப்போன இரவுத் தூக்கத்தில்.

முப்பத்திரண்டாவது வாரத்தில் இருக்கும் ஒரு பெண்ணின் இரவை எடுத்துக்கொள்வோம். பத்தரைக்குப் படுக்கிறாள். பன்னிரண்டே காலுக்குச் சிறுநீர் முட்டி எழுகிறாள். மூன்று மணிக்கு நெஞ்செரிச்சல். ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் குழந்தை உதைத்ததில் மறுபடி விழிப்பு. ஆறரைக்கு வீடு எழுந்துவிடுகிறது. படுக்கையில் கிடந்தது எட்டு மணி நேரம். உடையாமல் தூங்கியது எந்தத் துண்டிலும் மூன்று மணி நேரத்தைத் தொடவில்லை.

இந்த விழிப்புகளில் பலவற்றுக்குப் பின்னால் புரொஜெஸ்டிரோன் இருக்கிறது. கரு தங்கிய முதல் வாரங்களில் சினைப்பையும், ஏறத்தாழ இரண்டரை மாதத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடியும் சுரக்கும் ஹார்மோன் இது. மாதவிடாய்ச் சுழற்சியின் பின்பாதியில் இரத்தத்தில் இருக்கும் அளவைப்போல, பிரசவத்தை நெருங்கும்போது பத்து மடங்கு வரை ஏறிவிடும். கர்ப்பப்பை முன்கூட்டியே சுருங்கிவிடாமல் தசைகளைத் தளர்த்தி வைப்பது இதன் வேலைகளில் ஒன்று. ஆனால் அது கர்ப்பப்பையோடு நின்றுவிடுவதில்லை. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்ள தசையும் தளர்கிறது, அமிலம் மேலே ஏறுகிறது. மூன்று மணி நெஞ்செரிச்சலின் கதை அதுதான். கர்ப்பத்தில் சிறுநீரகங்கள் வழக்கத்தைவிட ஏறக்குறைய பாதி மடங்கு கூடுதலாக இரத்தத்தை வடிகட்டுகின்றன. பகலில் காலில் தேங்கிய நீர், படுத்ததும் இரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராகிறது. போதாததற்குக் கர்ப்பப்பையும் சிறுநீர்ப்பையை அழுத்துகிறது.

இப்போது கனவுக்கு வருவோம். நம் தூக்கம் ஏறக்குறைய தொண்ணூறு நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும், மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் ஒரு கட்டம் வரும். நீண்ட, படம்போல ஓடும் கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன. முன்னிரவில் இந்தக் கட்டம் சில நிமிடங்களே. விடியலை நெருங்க நெருங்க அது நீளும். எல்லோரும் தினமும் பல கனவுகள் காண்கிறோம். ஆனால் கனவின் நடுவிலோ அது முடிந்த உடனேயோ விழித்தால்தான் அது நினைவில் நிற்கும். தொடர்ந்து தூங்கிவிட்டால் அழிந்துபோகும்.

கர்ப்பத்தில் கனவுத் தூக்கம் கூடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கூடுவதில்லை. கடைசி மாதங்களில் அது சற்றுக் குறைவதாகவே தூக்க ஆய்வகங்களின் அளவீடுகள் காட்டுகின்றன. கூடுவது விழிப்புதான். நம் பெண் ஐந்து மணிக்கு முன்னால் எழுந்தாளே, அது இரவின் மிக நீண்ட கனவுக் கட்டம் ஓடிக்கொண்டிருக்கும் நேரம். குழந்தை உதைத்தது, கனவு பாதியில் அறுந்தது, காட்சி அப்படியே மனதில் தங்கிவிட்டது. அதே கனவு வேறொரு வருடத்தில் வந்திருந்தால் காலையில் அவளுக்குத் தெரிந்தே இருக்காது.

கனவில் ஏன் பஸ், ஏன் குழந்தை தொலைவது? பகலில் மனம் எதைச் சுற்றுகிறதோ அதைத்தான் கனவும் எடுத்துக்கொள்கிறது. தலைப்பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்ணின் மனம் வேறு எதைச் சுற்றும்? கனடாவின் மான்ட்ரியலில் தோர் நீல்சன் என்ற கனவு ஆய்வாளரின் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வு, கர்ப்பிணிகளிடமும் புதிதாகப் பிரசவித்த தாய்களிடமும் இத்தகைய கனவுகளைப் பற்றிக் கேட்டறிந்தது. குழந்தைக்கு ஆபத்து என்ற கனவு அவர்களில் மிகச் சாதாரணமாக இருந்தது. பிரசவித்த பல தாய்கள், பிள்ளை படுக்கையில் எங்கோ புதைந்துவிட்டது என்று அரைத்தூக்கத்தில் போர்வைக்குள் துழாவியிருக்கிறார்கள், பிள்ளை தொட்டிலில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருக்கும்போதே. எனவே கெட்ட கனவை வெளியே சொல்லக் கூடாது என்ற வழக்கத்தை, கர்ப்பிணி விஷயத்திலாவது விட்டுவிடலாம் என்பது என் கருத்து. காலையில் அம்மாவிடமோ கணவரிடமோ வாய்விட்டுச் சொன்னால் பயத்தின் பாதி அங்கேயே இறங்கிவிடும். கவனிக்க வேண்டியது, கனவு தினமும் திரும்பி வந்து படுக்கவே பயப்படும் நிலை, அல்லது முன்பு நடந்த ஒரு கருச்சிதைவோ கடினமான பிரசவமோ அப்படியே மீண்டும் மீண்டும் கனவில் ஓடுவது. இவற்றை அடுத்த பரிசோதனையில் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மறுநாள் பகலில் அதே பெண் அலமாரியைத் திறந்து, எதற்குத் திறந்தோம் என்று நிற்கிறாள். பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வர மறுக்கிறது. மறதி உண்மையா, வெறும் நினைப்பா என்று ஆய்வாளர்கள் நெடுநாள் வாதாடினார்கள். 2018இல் ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருபது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். நினைவாற்றலும், திட்டமிட்டு ஒன்றைச் செய்து முடிக்கும் திறனும் கடைசி மூன்று மாதங்களில் குறைவது தெரிந்தது. ஆனால் குறைந்த பிறகும் அவை சாதாரண மனிதர்களுக்குரிய எல்லைக்குள்ளேயே இருந்தன. பெண்ணுக்கும் அவளை நன்றாக அறிந்தவர்களுக்கும் புரியும் அளவு மாற்றம், அவ்வளவே.

எந்த வகை நினைவு தளர்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பயம் குறையும். துணை இல்லாமல் தானாகத் தேடி எடுக்க வேண்டிய நினைவுதான் பெரும்பாலும் சறுக்குகிறது. பெயரை யாராவது சொன்னால் “ஆமாம், அவர்தான்” என்று உடனே தெரிந்துவிடுகிறது. நினைவு அழியவில்லை, தேடி எடுப்பதில்தான் தடங்கல். உடைந்த தூக்கம் முதலில் கை வைப்பது இந்தத் தேடும் வேலையில்தான்.

தூக்கம் மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. பார்சிலோனாவில் முதல்முறை தாயாகும் 25 பெண்களின் மூளையைக் கர்ப்பத்துக்கு முன்னும் பின்னும் படமெடுத்துப் பார்த்தார்கள். மற்றவர்களின் மனதைப் புரிந்துகொள்ள உதவும் பகுதிகளில் சாம்பல் நிறப் பொருளின் அளவு குறைந்திருந்தது. அந்த மாற்றம் இரண்டு வருடமாகியும் பெரும்பாலும் மாறாமல் இருந்தது. 2016இன் கடைசியில் இது வெளியானபோது மூளை சுருங்குகிறது என்று செய்தி போட்டுப் பலரைப் பயமுறுத்தினார்கள். அந்தப் பெண்கள் நினைவாற்றல் தேர்வுகளில் பின்தங்கவில்லை. மாற்றம் அதிகமாக இருந்த தாய்களிடம் குழந்தையோடுள்ள பிணைப்பும் வலுவாகவே இருந்தது. ஆக, அதை மறதியின் தழும்பு என்று படிப்பது தவறு.

நடைமுறையில் கவனிக்க வேண்டியது வேறு. மாத்திரையைப் போட்டோமா என்ற சந்தேகத்தில் இரண்டாவது முறை போட்டுவிடுவதும், மறந்ததை ஈடுகட்ட இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்து விழுங்குவதும் நடக்கும். கால்சியம், இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது வேண்டும். கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டி ஒன்று இருந்தால் சந்தேகமே வராது. மறதியோடு கடும் சோர்வு, மூச்சு வாங்குதல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல் எல்லாம் சேர்ந்திருந்தால் கர்ப்பத்தின் இயல்பு என்று விட்டுவிடாமல் ஹீமோகுளோபினையும் தைராய்டையும் பார்க்கச் சொல்ல வேண்டும். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் இரத்தசோகை. கடைசி மாதங்களில் திடீரென்று கடும் தலைவலி, பார்வை மங்கல், குழப்பம் வந்தால் அது மறதியே அல்ல. இரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். அந்த மணியே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மாலையில் கணவர் கொய்யாப்பழம் வாங்க மறந்து வந்தார் என்று அவள் அழுகிறாள். அரை மணி நேரத்தில் சிரிக்கிறாள். இங்கே ஹார்மோனின் கை நேராகவே இருக்கிறது. புரொஜெஸ்டிரோன் உடம்பில் உடையும்போது அலோபிரெக்னனோலோன் என்ற பொருள் உண்டாகிறது. மூளையின் பரபரப்பை அடக்கும் ‘காபா’ என்ற பிரேக்கை இது இன்னும் அழுத்திப் பிடிக்கிறது. முதல் மாதங்களில் கர்ப்பிணிகள் பகலிலும் கண் சொக்கிக் கிடப்பதற்கு இது முக்கியக் காரணம். ஆனால் சிலருடைய மூளை இதே பொருளுக்கு எதிர்மாறாக, எரிச்சலாகவும் பதற்றமாகவும் பதில் சொல்கிறது. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் கடுமையாகக் கோபமோ அழுகையோ வரும் பெண்கள் இதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவைப்பது நல்லது. அவர்கள் ஹார்மோனின் ஏற்ற இறக்கத்துக்குக் கூடுதலாக அசைபவர்கள்.

“எல்லாம் ஹார்மோன்தான்” என்று வீட்டார் சொல்வது ஆறுதலாகத் தொடங்கி, பல நேரம் அவள் பேச்சைக் கேட்காமல் இருக்க ஒரு சாக்காக முடிகிறது. இது எனக்கு வருத்தம் தரும் விஷயம். அலைபாயும் மனநிலை சில மணி நேரத்தில் மாறிவிடும். இரண்டு வாரமாகத் தினமும் பெரும்பாலான நேரம் மனம் கனத்திருப்பது, பிடித்த எதிலும் ஆசை இல்லாமல் போவது, சிறுநீருக்கு எழுந்த பிறகு விடியும்வரை தூக்கம் வராமல் கிடப்பது, தான் யாருக்கும் பாரம் என்று நினைப்பது மன அழுத்த நோயின் அறிகுறிகள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் வளரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் 15.6 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல் இருக்கிறது. 1987இல் உருவான எடின்பரோ கேள்வித்தாளில் பத்தே கேள்விகள். கடந்த ஏழு நாட்களைப் பற்றிக் கேட்கும். பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதற்கு ‘எப்போதாவது’ என்று பதில் வந்தாலும் அன்றே ஒரு மருத்துவர் அவளோடு பேச வேண்டும்.

பிரசவத்தோடு நஞ்சுக்கொடி வெளியேறியதும், பல மாதமாக ஏறிய புரொஜெஸ்டிரோன் சில நாட்களுக்குள் சரிந்துவிடுகிறது. அதனோடு அலோபிரெக்னனோலோனும் போய்விடும். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் காரணமே இல்லாமல் கண்ணீர் வருவது அதனால்தான். பால் கட்டுவதும் தூக்கமின்மையும் சேர்ந்துகொள்ளும். பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அடங்காதவர்களுக்குக் கொடுக்கவென்று, இதே பொருளை மருந்தாகச் செய்து 2019இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். நம் ஊரில் பாலூட்டும் தாய்க்குப் பொருந்தும் மருந்துகளும் ஆலோசனையும் மனநல மருத்துவரிடம் கிடைக்கும். இரவு எந்த நேரமானாலும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழில் பேசலாம். பிள்ளை தூங்கினாலும் தாய் இரண்டு மூன்று நாளாகக் கண் மூடாமல், சம்பந்தமில்லாமல் பேசிக்கொண்டும் யாரையும் நம்பாமலும் இருந்தால், போனில் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. அவளைத் தனியே விடாமல் உடனே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போக வேண்டும்.