பழுதோடு பறக்க ஒரு பட்டியல்

விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் சில நாட்களில் உள்ளே புழுக்கமாக இருக்கும். ஏசி காற்று சரியாக வராது. என்ஜின்கள் ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில் எல்லாம் குளிர்ந்துவிடும். பல சமயம் இதற்குக் காரணம், வாலில் இருக்கும் ஏ.பி.யூ. என்ற சிறிய என்ஜின் வேலை செய்யாததுதான். தரையில் நிற்கும்போது மின்சாரம், குளிர்காற்று, பெரிய என்ஜின்களைக் கிளப்பத் தேவையான அழுத்தக்காற்று ஆகிய மூன்றையும் கொடுப்பது அதுவே. அது பழுதென்று தெரிந்தே விமானம் கிளம்புகிறது. சட்டப்படிதான் கிளம்புகிறது.

இதற்கு அனுமதி தருவது எம்.இ.எல். எனப்படும் குறைந்தபட்ச உபகரணப் பட்டியல். ஒவ்வொரு விமான வகைக்கும் தயாரிப்பாளர் வரைந்து அரசு அமைப்பு ஏற்றுக்கொண்ட ஒரு மூலப் பட்டியல் உண்டு. அதை வைத்து விமான நிறுவனம் தன் பட்டியலைத் தயாரிக்கும். மூலத்தைவிடக் கடுமையாக அதை எழுதலாம், தளர்த்தக் கூடாது. இந்தியாவில் அதற்கு டி.ஜி.சி.ஏ. ஒப்புதல் தர வேண்டும். பறப்பதன் பாதுகாப்போடு தொடர்புள்ள ஒரு பொருள் இந்தப் பட்டியலில் இல்லையென்றால், அது வேலை செய்தே ஆக வேண்டும். இறக்கையைப் பற்றிப் பட்டியல் எதுவும் சொல்வதில்லை; அதனால் இறக்கை இல்லாமலும் போகலாம் என்று யாரும் வாதாட முடியாது.

ஏ.பி.யூ. கதைக்கே வருவோம். விமானி குறையை டெக் லாக் எனப்படும் பதிவேட்டில் எழுதுகிறார். பொறியாளர் பட்டியலைப் புரட்டி நிபந்தனைகளைப் பார்க்கிறார். பழுதான கருவியை முடக்கி, அதன் சுவிட்சருகே ‘INOP’ என்று ஒட்டுகிறார். இனி மின்சாரத்துக்கு வெளி வண்டி வேண்டும். முதல் என்ஜினைக் கிளப்ப அழுத்தக்காற்று வண்டி வேண்டும். அது ஓடியதும் அதிலிருந்தே காற்றை எடுத்து அடுத்ததைக் கிளப்பிவிடலாம். போய்ச் சேரும் ஊரில் அந்த வண்டி இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரிக்காவிட்டால், விமானம் அங்கேயே நின்றுவிடும். இத்தனையும் ஒத்துவந்தாலும், கேப்டனுக்கு மனம் ஒப்பவில்லையென்றால் அவர் மறுக்கலாம்.

கெடுவும் உண்டு. ‘பி’ வகைப் பழுதை 3 நாட்களிலும், ‘சி’ வகையை 10 நாட்களிலும், ‘டி’ வகையை 120 நாட்களிலும் சரிசெய்ய வேண்டும். கண்டுபிடித்த நாள் கணக்கில் சேராது. ‘ஏ’ வகைக்குக் கெடு அந்தந்தப் பொருளுக்கு எதிரிலேயே எழுதியிருக்கும்.

எந்தப் பொருள் இல்லாமல் போகலாம் என்று பட்டியல் சொல்லும். அது ஏன் கெட்டது என்ற கேள்வியை மனிதர்கள்தான் கேட்க வேண்டும். 2008 ஆகஸ்ட் 20 அன்று மாட்ரிட்டில் நடந்தது இதைத்தான் காட்டுகிறது.

ஸ்பான்ஏர் நிறுவனத்தின் எம்.டி.-82 விமானம் கேனரி தீவுகளுக்குப் புறப்பட ஓடுபாதைப் பக்கம் சென்றது. வெளிக்காற்றின் வெப்பத்தை அளக்கும் உணரி, 100 டிகிரிக்கும் மேல் காட்டியது. விமானிகள் திரும்பி வந்தார்கள். அந்த உணரியில் பனி உறையாமலிருக்க ஒரு ஹீட்டர் உண்டு. வழியில் பனி உறையும் வானிலை இல்லையென்றால், ஹீட்டர் இல்லாமல் போகலாம் என்றது பட்டியல். பொறியாளர் அதன் மின் இணைப்பைத் துண்டித்தார். ஆகஸ்ட் வெயிலில் பனிக்கு எங்கே போவது? விமானம் விடுவிக்கப்பட்டது.

ஆனால் ஹீட்டர் கெட்டிருக்கவில்லை, சூடாக்கிக்கொண்டுதான் இருந்தது. வானில் மட்டும் சூடாக வேண்டியது தரையிலேயே சூடானதுதான் பழுது. விமானம் தரையில் நிற்கிறதா, பறக்கிறதா என்று கருவிகளுக்குச் சொல்லும் ரிலேக்களில் ஒன்றைச் சந்தேகிக்க வேண்டிய அறிகுறி அது. முந்தைய நாட்களிலும் இதே வெப்பம் பதிவாகியிருந்தது.

ஹீட்டரை அடக்கும் அதே ரிலே வழியாகத்தான் இன்னொரு கருவிக்கும் செய்தி போகிறது. ஃபிளாப் எனும் இறக்கை மடல்களை விரிக்காமல் எழும்ப முயன்றால் அலறும் எச்சரிக்கை அது. ‘பறக்கிறோம்’ என்று ரிலே சொன்னால், அது வாய் மூடிக்கொள்ளும். அன்று விமானிகள் மடல்களை விரிக்க மறந்தார்கள். சரிபார்ப்புப் பட்டியலிலும் அது நழுவியது. எச்சரிக்கை ஒலிக்கவில்லை. எழும்பிய சில விநாடிகளிலேயே விமானம் விழுந்தது. 172 பேரில் 154 பேர் இறந்தார்கள்.

ரிலேதான் எச்சரிக்கையை ஊமையாக்கியது என்று விசாரணையாளர்களால் ஐயமற நிறுவ முடியவில்லை. விபத்துக்குப் பிறகு, இந்த வகை விமானங்களில் அந்த எச்சரிக்கையை ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் சோதிக்க வேண்டும் என்று ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு ஆணையிட்டது. ஸ்பான்ஏர் அதுவரை ஒவ்வொரு பயணத்துக்கும் அதைச் சோதித்துக்கொண்டிருக்கவில்லை.