ஃபிரிட்ஜ் நின்ற இரவு: காலையில் எதைக் கொட்டுவது?

இரவு 11 மணிக்குப் போன மின்சாரம் காலை 6 மணிக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஃபிரிட்ஜைத் திறந்தால் உள்ளே இன்னும் சில்லென்றுதான் இருக்கும். அந்தச் சில்லிப்பை நம்ப வேண்டாம். கதவைத் திறக்காமலே இருந்தாலும் ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம்தான் தாங்கும். உள்ளே 5 டிகிரி செல்சியஸைத் தாண்டியதுமே கிருமிகள் வேகமெடுக்கத் தொடங்கிவிடும். கைக்கோ 12 டிகிரிகூடக் குளிர்ச்சிதான்.

முதலில் கொட்ட வேண்டியது நேற்றைய சோறு. "கெட்ட வாடை இல்லையே, சுட வைத்தால் சரியாகிவிடும்" என்போம். சிக்கலே அங்கேதான். அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள், சோறு வேகும் சூட்டிலும் சாகாது. குளிர் குறைந்ததும் அவை முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். மறுபடி கொதிக்க வைத்தால் பாக்டீரியா சாகலாம். வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு அழியாது. அதற்கு வாடையும் கிடையாது, ருசியும் கிடையாது. ஆகவே ஒரு வாய் தின்று பார்ப்பதும் சோதனை ஆகாது.

சாம்பார், பொரியல், வேகவைத்த முட்டை, கோழிக் குழம்பு, நறுக்கிய பழம் எல்லாவற்றுக்கும் இதே தீர்ப்புதான். பால் பாக்கெட்டில்தான் மனசு அடித்துக்கொள்ளும். காய்ச்சும்போது திரியவில்லை என்பது நல்ல பால் என்பதற்குச் சான்றாகாது, அதையும் விட்டுவிடுங்கள். கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்களில் குளிர் விட்டதும் ஹிஸ்டமின் சேரும். அதுவும் சமையல் சூட்டுக்கு மசியாது.

மிஞ்சுவதும் நிறைய உண்டு. முழுக் காய்கறி, பழம், ஊறுகாய், நெய், வெண்ணெய், ஜாம், தக்காளி சாஸ் ஆகியவற்றுக்கு ஒன்றும் ஆகாது. இட்லி மாவு புளித்திருக்கும், அவ்வளவுதான். புளிப்பில் கெட்ட கிருமிகள் எளிதில் தலைதூக்காது. அன்று காலையே ஊற்றிவிடலாம்.

ஃப்ரீசர் கதை வேறு. மூடியபடியே இருந்தால், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரமும் பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும். இறைச்சியில் பனித்துகள்கள் இன்னும் ஒட்டியிருந்தால் மறுபடி உறைய வைக்கலாம். கொஞ்சம் சாறு வடிந்து சவசவவென்று ஆகும், ஆபத்தில்லை. முழுதாக இளகி, எத்தனை நேரம் அப்படிக் கிடந்தது என்றே தெரியாவிட்டால் கொட்டிவிட வேண்டியதுதான்.

ஊருக்குப் போகிறவர்கள் கிளம்புமுன் ஃப்ரீசரில் ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போகலாம். திரும்பி வரும்போது நாணயம் பனிக்கட்டிக்கு அடியில் கிடந்தால், நடுவில் எல்லாமே உருகி மறுபடி உறைந்திருக்கிறது.