ஒரு நேரத்தில் ஒரு துணி

கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து நாள். ஸ்ரீ விஜயபுரத்தின் (2024 வரை போர்ட் பிளேர்) அபர்தீன் பஜாரில் உள்ள சிறிய தையல் கடையில், சென்னையில் தைத்து வந்த பட்டுப் பாவாடை தாவணியோடு ஒரு தாயும் மகளும் நிற்கிறார்கள். இடுப்பு தொளதொளக்கிறது. கீழ்க்கரை தரையில் புரள்கிறது. ரவிக்கையும் தளர்வு. “எல்லாத்தையும் குறிச்சுக்குங்கக்கா, நாளைக்கு வாங்கிக்கறோம்” என்கிறார் தாய். தையல்கார அம்மாள் மறுக்கிறார். சென்னையிலிருந்து கப்பல் வர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். துணி கெட்டால் வேறு வாங்க நேரமில்லை.

அவர் மறுப்பதற்குக் காரணம் எளிய கணக்கு. இடுப்பு 2 அங்குலம் தளர்ந்திருப்பதால் பாவாடை 1 அங்குலம் கீழே இறங்கி நிற்கிறது. அப்படியே நிற்க வைத்து அளந்தால், கரையை ஒன்றரை அங்குலம் மடிக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் இடுப்பைப் பிடித்ததும் பாவாடை தானாகவே 1 அங்குலம் மேலேறும். உண்மையில் மடிக்க வேண்டியது அரை அங்குலம்தான். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் பாவாடை 1 அங்குலம் குட்டையாகிவிடும்.

எனவே உள்ளிருந்து வெளியே வருகிறார். முதலில் உள்பாவாடை. அதைக் கட்டிய பிறகு, அதன் மேல் பாவாடையின் இடுப்பு. பிறகு, கல்யாணத்தன்று போடும் செருப்பைப் போட்டு நிற்க வைத்துக் கரை. அடுத்து ரவிக்கை. கடைசியாகத் தாவணியின் கொசுவம்.

ரவிக்கையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சுற்றளவில் 1 அங்குலம் குறைக்க, பக்கத்துக்கு அரை அங்குலம் உள்ளே தைத்துவிடுகிறார்கள். துணி இரண்டு மடிப்பாக இருப்பதால் பக்கத்துக்கு 1 அங்குலம், மொத்தம் 2 அங்குலம் போய்விடும். சரியான அளவு பக்கத்துக்குக் கால் அங்குலம். அவர் அதையும் நேராக மெஷினில் தைப்பதில்லை. கையால் நீள நீளமாக ஓட்டுத் தையல் போட்டு, மகளை உட்காரவும் கையைத் தூக்கவும் சொல்கிறார். மார்பின் குறுக்கே சுருக்கம் இழுத்தால் இறுக்கம். நெடுக்காக மடிப்பு விழுந்தால் இன்னும் தளர்வு. சரியென்று தெரிந்த பிறகே மெஷின் தையல். உள்ளே மிஞ்சும் துணியை வெட்டுவதில்லை, பின்னால் பிரித்துவிட அது வேண்டும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. பட்டைப் பிரித்துத் தைத்தால் ஊசித் துளை மறையாது. இறுகிய ரவிக்கையில் உள்துணி விடப்படாமல் இருந்தால், பிரித்துவிட வழியே இல்லை.

நான்காம் நாள் மகள் கடைக்குள் நடந்து பார்க்கிறாள். கரை செருப்பை உரசி நிற்கிறது. “இப்ப தாவணியக் குடுங்க” என்கிறார் அந்த அம்மாள்.