நீலக் குறி விழுந்தால் போதுமா?

சிறிய ஊர் மருத்துவமனையில் இரவு நேரத்தில் நெஞ்சுவலியோடு ஒருவர் வந்தால், இ.சி.ஜி. எடுத்து, அந்தத் தாளை செல்போனில் படம் பிடித்து, நகரத்தில் இருக்கும் இதய நிபுணருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது இன்று பல இடங்களில் வழக்கம். இரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசி போடலாமா என்ற முடிவு அந்தப் படத்தை வைத்தே எடுக்கப்படலாம். ஆகவே அந்தப் படம் உண்மையிலேயே போய்ச் சேர்ந்ததா என்பது முக்கியமான கேள்வி.

இரண்டு நீலக் குறிகள் விழுந்துவிட்டனவே என்று தோன்றும். ஆனால் எதிர்முனையில் அந்த உரையாடல் திறக்கப்பட்டது என்பதைத்தான் அவை சொல்கின்றன. படங்கள் தானாக இறங்காதபடி போனில் அமைத்திருந்தால், நிபுணருக்குத் தெரிவது மங்கலான ஒரு முன்னோட்டம் மட்டுமே. அதைத் தொட்டு இறக்கினால்தான் முழுப் படம் வரும். இங்கே நீலக் குறி விழுந்திருக்கும்; அங்கே படம் இறங்கியிருக்காது. அவசரத்தில் வேறொரு நோயாளியின் படத்தைத் தேர்ந்து அனுப்பிவிட்டாலும் அதே நீலக் குறிதான்.

“படம் வந்துச்சா சார்?” என்று கேட்டால் “வந்துச்சு” என்பதே பதிலாக வரும். பழைய படம் இருந்தாலும், மங்கலான படம் இருந்தாலும் அந்தப் பதில் மாறாது. எனவே, படத்தைப் பார்க்காமல் யாராலும் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்.

அப்படிப்பட்ட கேள்வியைத் தேர்ந்தெடுப்பதில்தான் சிக்கல். “கீழே வலது மூலையில் எந்த லீட் இருக்கிறது?” என்று கேட்டால் பயனில்லை. 12 லீட் இ.சி.ஜி. பெரும்பாலும் ஒரே வரிசையில் அச்சாவதால், எந்த இதய மருத்துவரும் கண்ணை மூடிக்கொண்டு “வி6” என்பார். தாள் ஓடிய வேகத்தைக் கேட்டாலும் அப்படித்தான். வினாடிக்கு 25 மி.மீ. என்பதே வழக்கமான வேகம். நாடித்துடிப்பு 100 என்று போனில் முன்பே சொல்லிவிட்டு, இரண்டு துடிப்புகளுக்கு நடுவே எத்தனை பெரிய கட்டங்கள் என்று கேட்பதும் வீண். 300-ஐ 100-ஆல் வகுத்து மூன்று என்று மனக்கணக்கிலேயே சொல்லிவிடலாம். “கீழ்ச் சுவர் லீடுகளில் எஸ்.டி. ஏறியிருக்கிறதல்லவா?” என்பது எல்லாவற்றையும்விட மோசம், ஏனென்றால் அந்தக் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது.

நல்ல கேள்விக்கான பதில் தாளின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கிறது: இ.சி.ஜி. எடுத்த நேரம். செவிலியர் இப்படிக் கேட்பதாக வைத்துக்கொள்வோம்:

“சார், தாள்ல என்ன நேரம் அச்சாகியிருக்கு?”

“20:15 சிஸ்டர்.”

செவிலியர் கையில் இருக்கும் தாளிலோ 22:47 என்று இருக்கிறது. போயிருப்பது மாலையில் வந்த இன்னொருவரின் இ.சி.ஜி. என்பது அந்த நொடியே தெரிந்துவிடுகிறது. இயந்திரத்தின் கடிகாரம் தவறாக ஓடினாலும் கவலையில்லை. சரியான நேரம் நமக்குத் தேவையில்லை. தாளில் இருப்பதும் அங்கே தெரிவதும் ஒன்றா என்றுதான் பார்க்கிறோம். நிபுணர் “நேரம் படிக்க முடியலையே” என்றால் அதுவும் பயனுள்ள பதில்தான். அந்தப் பொடி எழுத்து தெரியாத படத்தில் 1 மி.மீ. கட்டங்களும் தெளிவாகத் தெரியாது. எஸ்.டி. கோடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அந்தச் சிறு கட்டங்களை எண்ணித்தான் அளக்கிறார்கள். அப்போது HD தேர்வை அழுத்தியோ, ஆவணமாக இணைத்தோ படத்தை மறுபடி அனுப்ப வேண்டும்.

நேரம் மேல் ஓரத்தில் அச்சாகியிருந்தால், அது தெரிந்ததால் தாள் முழுவதும் தெரிந்ததாகிவிடாது. கீழ்ப்பகுதி மடிந்திருக்கலாம், விரல் மறைத்திருக்கலாம். அதற்கு ஓர் எளிய வழி உண்டு. படம் எடுக்கும் முன், வி6 அருகே கோடுகள் இல்லாத வெற்று ஓரத்தில் மனதில் தோன்றும் இரண்டு இலக்க எண் ஒன்றைப் பேனாவால் எழுதிவிட வேண்டும். “மூலையில என்ன எண் சார்?” என்று கேட்டு சரியான பதில் வந்தால், எதிர் மூலைவரை படம் போய்ச் சேர்ந்திருக்கிறது. எண்ணை முன்கூட்டி யாரிடமும் சொல்லக் கூடாது. படத்தோடு அனுப்பும் குறிப்பிலும் எழுதக் கூடாது.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. இரண்டு ஓரங்களும் தெரிந்து, நடுவில் ஃபிளாஷ் வெளிச்சம் பட்டு வெளுத்திருந்தால் கேள்விகள் அதைக் காட்டிக்கொடுக்காது. எலெக்ட்ரோடுகளை இடம் மாற்றி ஒட்டியிருந்தால் அந்தப் பிழையும் இதில் சிக்காது. படம் வந்தது என்பதை மட்டுமே இது உறுதிசெய்யும், அது சரியான இ.சி.ஜி. என்பதை அல்ல.

வீட்டிலும் இதே முறை உதவும். மருந்துச் சீட்டைப் படமெடுத்து மருந்துக் கடைக்கு அனுப்பும்போது “கிடைச்சுதா?” என்று கேட்காதீர்கள். “சீட்டுல என்ன தேதி போட்டிருக்கு, மூணாவது மருந்து எத்தனை மில்லிகிராம்?” என்று கேளுங்கள். பதில் உங்கள் கையில் உள்ள சீட்டோடு ஒத்துப்போன பிறகு மருந்தைக் கட்டச் சொல்லுங்கள்.