கேட்டது 2, கிடைத்தது 1.29

குறைந்த வெளிச்சத்தில் எடுத்த போட்டோவில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தெரியும். அவற்றை அடக்கப் படத்தைச் சற்று மங்கலாக்குவார்கள். ஒவ்வொரு பிக்சலிலும், அதன் மதிப்பையும் அக்கம்பக்கத்து மதிப்புகளையும் சேர்த்துக் கணக்கிட்ட சராசரியை வைப்பதுதான் இந்த வேலை. அந்தச் சராசரியில் எந்தப் பிக்சலுக்கு எவ்வளவு எடை என்று சொல்லும் சிறிய எண்வரிசைக்குக் கர்னல் என்று பெயர். காஸியன் கர்னலில் நடுப் பிக்சலுக்கு எடை அதிகம். விலகிப் போகப் போக எடை குறையும். எவ்வளவு வேகமாகக் குறையும் என்பதை சிக்மா (σ) என்ற ஒரே எண் தீர்மானிக்கிறது. அதைத்தான் பரவல் என்கிறோம்.

சிக்மா 1 என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடுவிலிருந்து x பிக்சல் தள்ளியிருப்பதன் எடை exp(-x²/2σ²). நடுவில் 1, அடுத்ததில் 0.607, அதற்கடுத்து 0.135, மூன்றாவதில் 0.011. இருபுறமும் இதே எண்கள்தான். ஏழு எடைகளையும் கூட்டினால் 2.506 வரும். ஒவ்வொன்றையும் அதால் வகுத்தால் 0.399, 0.242, 0.054, 0.004 என்று கிடைக்கும். கர்னல் தயார்.

```
r = int(np.ceil(3 * sigma))
x = np.arange(-r, r + 1)
w = np.exp(-x**2 / (2 * sigma**2))
w = w / w.sum()
```

கடைசி வரியை விட்டுவிட்டு, பாடப்புத்தகச் சூத்திரத்தின் முன்னால் நிற்கும் 1/(σ√(2π)) என்ற பெருக்கலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சூத்திரம் முடிவில்லாமல் நீளும் வளைகோட்டுக்கு உரியது. நம்மிடம் இருப்பதோ எண்ணிச் சொல்லக்கூடிய சில கட்டங்கள். சிக்மா 2, கட்டங்கள் 5 என்றால், அந்தச் சூத்திரம் தரும் எடைகளின் கூட்டுத்தொகை 0.79தான். படத்தில் கிடைவாக்கில் ஒருமுறையும் செங்குத்தாக ஒருமுறையும் கர்னலை ஓட்டுவதால் இழப்பும் இருமுறை நேர்ந்து, 200 என்றிருந்த வெளிச்சம் சுமார் 126 ஆகிவிடும். படம் இருண்டுபோவதால் இந்தத் தவறு உடனே கண்ணில் படும். கூட்டுத்தொகையால் வகுத்துவிட்டால் சரியாகிவிடும்.

ஆனால் வகுப்பதால் வெளிச்சம் மட்டும்தான் சரியாகிறது. உண்மையான சிக்கல் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. அதே ஐந்து கட்டங்களை வகுத்தபின் 0.251, 0.222, 0.152 என்று எடைகள் வரும். ஒவ்வொரு எடையையும் அதன் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, இருபுறமும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் கர்னலின் மெய்யான பரவல் தெரியும். இங்கே அது 1.29. நாம் கேட்டது 2. வாலை வெட்டியதில் போன எடை உள்ளே இருப்பவற்றுக்கே திரும்பிப் போய்விட்டதால், படம் குறைவாகவே மங்குகிறது. வெளிச்சம் மாறவில்லை என்பதால் யாருக்கும் சந்தேகமும் வருவதில்லை.

கட்டங்கள் ஐந்தாகவே இருக்க, சிக்மாவை மட்டும் 4 ஆக்கினால் 1.38 கிடைக்கும், 10 ஆக்கினால் 1.41. அதற்குமேல் ஏறாது. எல்லாக் கட்டங்களுக்கும் சம எடை தரும் வெறும் சராசரியின் பரவலே 1.41தான். சிக்மாவைக் கூட்டிக்கொண்டே போயும் படம் மாறவில்லை என்றால், கர்னல் குட்டையாக இருக்கிறது என்று பொருள். இன்னொரு அடையாளமும் உண்டு: கறுப்புப் பின்னணியில் ஒரே ஒரு வெள்ளைப் பிக்சலை வைத்து மங்கலாக்கிப் பாருங்கள். வட்டமாகக் கரைய வேண்டிய புள்ளி சதுரமாகத் தெரிந்தால், வெட்டு ஓரத்துக்கு மிக அருகே விழவில்லை, நடுவை ஒட்டி விழுந்திருக்கிறது.

எங்கே வெட்டலாம்? நடுவிலிருந்து சிக்மாவைப்போல் 2 மடங்கு தள்ளி வெட்டினால், ஓரத்துக் கட்டத்தின் எடை நடுவின் எடையில் இன்னும் 13.5 சதவீதம் இருக்கும். 3 மடங்கில் அது 1.1 சதவீதமாகிவிடும். ஆகவே சிக்மா 2 என்றால் ஒரு பக்கம் 6, மறுபக்கம் 6, நடுவில் 1 என 13 கட்டங்கள் வேண்டும். அப்போது மெய்யான பரவல் 1.99. கட்டங்கள் கூடினால் வேலை கூடுமே என்று அஞ்ச வேண்டியதில்லை. கிடை, செங்குத்து என்று பிரித்து ஓட்டினால், பிக்சலுக்கு 169 பெருக்கல்களுக்குப் பதில் 26 போதும்.

0 முதல் 255 வரை மட்டுமே எண்ணும் சாதாரணப் படங்களுக்கு 3 மடங்கே போதும்; அதற்கப்பால் விட்டுப்போகும் எடை ஒரு சாம்பல் படியைக்கூட அசைப்பது அரிது. தசம எண்களில் அளவீடு செய்யும் ஆய்வுப் படங்களுக்கு 4 மடங்கு நல்லது. ஓப்பன்சிவி நூலகம் இதே வேறுபாட்டைத்தான் கடைப்பிடிக்கிறது; சைப்பை நூலகம் இயல்பாக 4 மடங்கை எடுத்துக்கொள்கிறது. ஒரே சிக்மாவுக்கு இரண்டும் சற்றே வேறான விடை தருவதற்கு இது ஒரு காரணம்.

ஓப்பன்சிவியில் கட்டங்களின் எண்ணிக்கையை (5, 5) என்று கையால் எழுதும் பழக்கத்தைக் கைவிடுங்கள். அங்கே (0, 0) என்று எழுதி சிக்மாவை மட்டும் கொடுத்தால், சிக்மாவுக்கு ஏற்ற எண்ணிக்கையை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும்.