படத்தில் இல்லாத மஞ்சள் அட்டை

2018 உலகக் கோப்பைக் கால்பந்தின் எச் பிரிவு முடிவுத் தாளை யாரோ கைபேசியில் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் இருப்பது இவ்வளவுதான்:

கொலம்பியா 1 – ஜப்பான் 2
போலந்து 1 – செனகல் 2
ஜப்பான் 2 – செனகல் 2
போலந்து 0 – கொலம்பியா 3
ஜப்பான் 0 – போலந்து 1
செனகல் 0 – கொலம்பியா 1

பலரும் ஓர் அணியை எடுத்துக்கொண்டு அதன் ஆட்டங்களைத் தாள் முழுக்கத் தேடுவார்கள். ஏதாவது ஓர் ஆட்டம் விட்டுப்போவது அப்படித்தான். ஆட்டம் ஆட்டமாகப் போங்கள். ஒரு வரியைப் படித்ததும் இரு அணிகளின் கணக்கிலும் எழுதிவிட்டு, அந்த வரியை டிக் செய்யுங்கள். வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு இரு அணிக்கும் 1. ஸ்கோர் எழுதாத கட்டத்தை 0-0 என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஆட்டம் இன்னும் நடக்காமல் இருக்கலாம்.

கொலம்பியாவுக்கு 6 புள்ளி, ஜப்பானுக்கும் செனகலுக்கும் 4, போலந்துக்கு 3. மொத்தம் 17. ஆறு ஆட்டத்துக்கு 18 வர வேண்டும், ஒரு சமனுக்காக ஒன்று குறையும், எனவே சரி. அடித்த கோல்களைக் கூட்டினால் 15, வாங்கியவையும் 15.

கூட்டல் பொருந்திவிட்டது என்று இங்கே நிம்மதியாகிவிடக் கூடாது. மங்கலான படத்தில் ஜப்பான் 2 – செனகல் 2 என்பதை 2-3 என்று படித்துவிட்டால்? கோல்கள் இரு பக்கமும் 16 ஆகும், புள்ளிகள் சரியாக 18 ஆகும். எல்லாம் பொருந்தும், ஆனால் ஜப்பான் வெளியேறியிருக்கும். படித்த ஸ்கோர் இரு அணிகளின் கணக்கிலும் ஏறுவதால், கண்ணின் பிழையைக் கூட்டல் காட்டிக்கொடுக்காது. அதற்கு வேறு சாட்சி வேண்டும். கோல் அடித்தவர்களின் பெயர்கள் நல்ல சாட்சி: அந்த ஆட்டத்தில் செனகலுக்கு மானே, வாகே, ஜப்பானுக்கு இனுயி, ஹோண்டா. பக்கத்துக்கு இரண்டு பெயர்தான்.

இப்போது தரவரிசை. ஜப்பானும் செனகலும் புள்ளியில் சமம். இரு அணிகளும் 4 கோல் அடித்து 4 வாங்கியதால், கோல் வித்தியாசமும் அடித்த கோலும் சமம். தமக்குள் மோதியதும் 2-2. இத்தோடு தாள் கைவிட்டுவிடுகிறது. அடுத்த விதி ஒழுங்குப் புள்ளி: ஒவ்வொரு மஞ்சள் அட்டைக்கும் ஒன்று கழியும். ஜப்பான் வாங்கியது நான்கு, செனகல் ஆறு. அந்த இரண்டு அட்டைகளால்தான் ஜப்பான் அடுத்த சுற்றுக்குப் போனது. உலகக் கோப்பையில் ஓர் அணி அட்டைக் கணக்கில் வெளியேறியது அதுவே முதல்முறை.

ஆகவே தாளைப் படம் எடுப்பவரிடம் அட்டைப் பத்தியையும், போட்டியின் விதிப் பக்கத்தையும் சேர்த்துக் கேளுங்கள். புள்ளி சமமானால் எதை முதலில் பார்ப்பது என்பது போட்டிக்குப் போட்டி மாறும். ஐரோப்பியக் கோப்பையில் கோல் வித்தியாசத்துக்கு முன்பே இரு அணிகளும் நேரில் மோதிய முடிவைப் பார்க்கிறார்கள்.